ஆசிரியர் போடும் திருத்தக் குறியை வைத்து வாக்கியத்தை எப்படித் திருத்தி எழுதுவது?

"கட்டுரை நோட்டில் ஆசிரியர் அடிக்கோடு மட்டும் போட்டுத் தருகிறார். அந்தச் சொல்லை மாற்றினால் போதுமா?"

பெரும்பாலும் போதாது. திருத்தக் குறி என்பது 'இங்கே ஏதோ இடறுகிறது' என்று காட்டும் அடையாளம். அடிக்கோடு என்றால் அந்தச் சொல்லில் பிழை தெரிகிறது, ^ என்றால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்பது பொதுவான வழக்கம். ஆளுக்கு ஆள் இது மாறும், அதனால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

குழாய் கசிவது ஒரு இடம், சுவரில் ஈரம் தெரிவது வேறு இடம் அல்லவா? பிழையும் அப்படித்தான். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"ஏரியில் இருந்த மீன்கள் பல மாதங்களாக மழையே இல்லாமல் தண்ணீர் வற்றியதால் இறந்து போனது."

அடிக்கோடு 'போனது' என்பதன் கீழே. மீன்கள் பன்மை, ஆகவே 'போயின' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் பிழை ஏன் வந்தது? எழுவாயான 'மீன்கள்' தொடக்கத்திலேயே வந்துவிட்டது. வினை வருவதற்குள் மழை, தண்ணீர் என்று ஒருமைச் சொற்கள் குறுக்கே நுழைந்து, கை தானாக 'போனது' என்று எழுதிவிட்டது. எழுவாயை வினைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்:

"பல மாதங்களாக மழையே இல்லாமல் தண்ணீர் வற்றியதால், ஏரியில் இருந்த மீன்கள் இறந்து போயின."

இப்போது வாசிக்கவும் இலகு, பிழைக்கும் இடமில்லை.

அப்புறம், குறி இல்லாத வரியெல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் முதல் இடத்தில் மட்டும் குறித்துவிட்டு மேலே போகிற ஆசிரியர்களும் உண்டு.