கணக்கு சரி, கேனில் சொன்ன 20 தவறு

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறேன். புரோக்கரிடம் கேனில் வாங்கிய 20 சதவீத உப்புநீரையும், லிட்டருக்கு 80 கிராம் உப்பு போட்டு நானே கரைத்த 8 சதவீத நீரையும் அலிகேஷன் என்ற குறுக்குக் கணக்கு முறையில் கலந்து, 15 சதவீதத்தில் 24 கிலோ தயாரித்தேன். பத்தே நாளில் துண்டுகள் மெத்தென்று ஆகி, மேலே வெள்ளை ஆடை கட்டிவிட்டது. கணக்கில் எங்கே தப்பு?

பதில்: உங்கள் கணக்கில் தப்பில்லை அம்மா. 20-லிருந்து 15-ஐக் கழித்தால் 5, அது 8 சதவீத நீரின் பங்கு. 15-லிருந்து 8-ஐக் கழித்தால் 7, அது 20 சதவீத நீரின் பங்கு. 7-க்கு 5 என்றால் 24 கிலோவுக்கு 14 கிலோவும் 10 கிலோவும். உப்பைக் கூட்டிப் பாருங்கள்: 2.8 கிலோவும் 0.8 கிலோவும் சேர்ந்து 3.6 கிலோ. 24 கிலோவில் அது சரியாக 15 சதவீதம். தப்பு நீங்கள் கணக்கில் போட்ட எண்களில் இருக்கிறது.

லிட்டர் தண்ணீரில் 80 கிராம் உப்பைப் போட்டால் மொத்தம் 1,080 கிராம் ஆகிவிடுகிறது. அதில் உப்பு 7.4 சதவீதம்தான். உண்மையான 8 வேண்டுமானால் 80 கிராம் உப்போடு 920 கிராம் தண்ணீர் சேர்க்க வேண்டும். உங்கள் 8-இல் குறைவு சிறியது, ஆனால் திடம் கூடக் கூட இந்தப் பிசகும் பெரிதாகும். லிட்டருக்கு 200 கிராம் போட்டதை '20 சதவீதம்' என்கிறார்கள், அது உண்மையில் 16.7. கேன்காரர் இப்படித்தான் கரைத்திருந்தால், 14-க்கு 10 கலந்த உங்கள் நீர் 15 அல்ல, 12.8. மாங்காய் தன் தண்ணீரையும் விட்டதும் அது இன்னும் இறங்கியிருக்கும்.

இதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பல வருடம் முன்பு நான் போன ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளிலேயே 'லிட்டருக்கு 200 கிராம் = 20%' என்று அச்சடித்திருந்தார்கள். திருத்தச் சொன்னேன். அடுத்த வருடமும் அதே தாளைத்தான் நகலெடுத்துக் கொடுத்தார்கள். சதவீதம் எடைக்கா அளவுக்கா என்று ஒரு வரி போட என்ன கஷ்டம்? எடைக்கு எடை என்று எண்ணினால் கலப்பதையும் தராசில்தான் கலக்க வேண்டும், லிட்டர் குவளையில் அல்ல.

கேனில் உப்புநீர் விற்கும் புரோக்கர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லுவார். 'அறுபது டிகிரி' என்று ஒருவர் சொன்னதை அறுபது சதவீதம் என்று நம்பிய அம்மாவையும் பார்த்திருக்கிறேன். உப்புநீரில் மிதக்கவிட்டுத் திடம் பார்க்கும் சலோமீட்டரில் 100 டிகிரி என்பது தண்ணீரில் இனி உப்பே கரையாத நிலை. அதுவே எடையில் சுமார் 26 சதவீதம்தான். அறுபது டிகிரி என்றால் 16-க்குக் கிட்ட வரும்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். கேன் நீரில் 100 கிராம் எடுத்துச் சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிய தீயில் வற்ற விடுங்கள். கடைசியில் உப்பு தெறிக்கும், தீயை இன்னும் தணியுங்கள். ஈரம் போனதும் அடியில் நிற்பதை எடை போடுங்கள். 20 கிராம் நின்றால் 20 சதவீதம். 16, 17 கிராம் நின்றால் உங்கள் புரோக்கர் பிடிபட்டார்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும், அதைக் கவனமாகக் கேளுங்கள். போன சீசனில் மாங்காய் ஊறிய டிரம் நீரையே வடிகட்டிக் கேனில் அடைத்து விற்பவர்கள் உண்டு. அதில் மாங்காயின் புளிப்பும் சர்க்கரையும் கரைந்திருக்கும், வற்றவைத்தால் உப்போடு அதுவும் எடைக்கு வந்துவிடும். 20 கிராம் நிற்கும், ஆனால் உப்பு அவ்வளவு இருக்காது. மிதவைக் கருவியை விட்டாலும் இதே கதை, கூடுதலாகத்தான் காட்டும். அடையாளம் எளிது: நீர் மஞ்சளாக இருக்கும், மோந்தால் புளித்த வாடை வரும், வற்றியபின் வெள்ளைப் பொடிக்குப் பதில் பழுப்பாக, விரலில் ஒட்டும் பிசுக்கு நிற்கும். அந்த நீரை உங்கள் கணக்கில் எந்த எண்ணாகவும் போடாதீர்கள். அதில் உப்பு மட்டும் எவ்வளவு என்பதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். அந்தச் செலவுக்குப் புதிதாகக் கரைத்துவிடலாம்.

மெத்தென்று ஆன துண்டுகள் இனி இறுகாது, விட்டுவிடுங்கள். அடுத்த முறை துண்டு போடுமுன் நீர் 12.8-இல் நிற்கிறது என்று தெரிந்தால் கொட்ட வேண்டாம். உப்பையே 100 சதவீதம் என்று வைத்து அதே குறுக்குக் கணக்கைப் போடுங்கள். 100-இல் 15 போக 85 பங்கு நீர், 15-இல் 12.8 போக 2.2 பங்கு உப்பு. 24 கிலோ நீருக்கு 620 கிராம் உப்பு சேர்த்தால் 15-க்கு வந்துவிடும். ஈரமான கல்லுப்பானால் வெயிலில் உலர்த்திவிட்டு எடை போடுங்கள்.