கட்டிய வரியிலிருந்து வருமானத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பது: கேள்வி பதில்

வருமான வரிக் கணக்கு எழுதித் தருவதுதான் பல வருஷமாக என் வேலை. கீழே வருஷம் குறிப்பிடாத இடமெல்லாம் 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, என் கணவரின் ஃபார்ம் 16 கைக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் மொத்தம் 1,45,600 ரூபாய் வரி பிடித்தார்கள் என்று மட்டும் தெரியும். சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லை. வரிக்குரிய வருமானம் எவ்வளவு இருக்கும்?"

முதலில் வரியின் மேல் கூட்டிய 4 சதவீத செஸ்ஸை உரித்துவிடுங்கள். 1,45,600-ஐ 1.04-ஆல் வகுத்தால் 1,40,000, ஸ்லாப் கணக்கில் வந்த வரி அதுதான். இப்போது ஒவ்வொரு ஸ்லாபின் முடிவிலும் வரி எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். 4 லட்சம் வரை ஒன்றுமில்லை, 8 லட்சத்தில் 20,000, 12 லட்சத்தில் 60,000, 16 லட்சத்தில் 1,20,000, 20 லட்சத்தில் 2,00,000, 24 லட்சத்தில் 3,00,000. உங்கள் 1,40,000 பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவில் விழுகிறது, அங்கே விகிதம் 20 சதவீதம். 1,20,000-க்கு மேல் மிஞ்சிய 20,000-ஐ 0.20-ஆல் வகுத்தால் 1,00,000. ஆக வரிக்குரிய வருமானம் 17,00,000. சம்பளக்காரர் என்பதால் நிலையான கழிவு 75,000-ஐக் கூட்டினால் மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 17,75,000. என்.பி.எஸ்-இல் கம்பெனி போட்ட பங்குக்குக் கழிவு வாங்கியிருந்தால் அதையும் மேலே கூட்ட வேண்டும், வரித் தொகையை மட்டும் வைத்து அது தெரியாது.

"எதற்கு 1.04-ஆல் வகுக்கணும்? 1,45,600-இல் 4 சதவீதத்தைக் கழித்தாலே போதுமே. எனக்கு 16,98,880 வந்தது, கிட்டத்தட்ட சரிதானே?"

ஸ்லாபைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், செஸ்ஸில்தான் சறுக்கல். அந்த 4 சதவீதம் ஸ்லாப் வரியின் மேல் போடப்பட்டது, நீங்கள் கழித்தது செஸ்ஸும் சேர்ந்த தொகையில் 4 சதவீதம். வரியில் 224 ரூபாய்தான் பிசகு, ஆனால் அதை 0.20-ஆல் வகுக்கும்போது வருமானத்தில் 1,120 ஆகிவிடுகிறது. பின்னோக்கிப் போகும்போது சின்னத் தப்பு இப்படித்தான் பெருகும், விகிதம் குறைவான ஸ்லாபில் இன்னும் அதிகமாக. கிடைத்த வருமானத்துக்கு ஒருமுறை நேர்வழியில் வரி போட்டுப் பாருங்கள், 16,98,880-க்கு 1,45,367 வருமே தவிர 1,45,600 வராது.

"நான் கட்டினது 41,600. செஸ் போக 40,000. எட்டு லட்சம் வரை 20,000, மிச்சம் 20,000-ஐ 10 சதவீதத்தால் வகுத்தால் 2 லட்சம், மொத்தம் 10 லட்சம். சரியா அக்கா?"

கணக்கு சுத்தம், விடை தப்பு. நிறையப் பேர் விழுகிற குழி இது. இந்தியாவில் குடியிருப்பவருக்கு 10 லட்சம் வருமானம் என்றால், 12 லட்சம் வரை வரியே இல்லாமல் செய்யும் 87ஏ தள்ளுபடியில் அந்த 40,000 முழுவதும் போய்விடும், நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க மாட்டீர்கள். கட்டியிருக்கிறீர்கள் என்றாலே வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

தாண்டினால் உடனே 60,000-க்கு மேல் கட்டியிருக்கணுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் மார்ஜினல் ரிலீஃப் வருகிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தீர்களோ அதைவிட அதிகமாக வரி கேட்க மாட்டார்கள். அதனால் இந்தப் பகுதியில் ஸ்லாபே கிடையாது, வரி 40,000 என்றால் வருமானம் 12,40,000, அவ்வளவுதான். நேராகப் போட்டுப் பாருங்கள்: 12,40,000-க்கு ஸ்லாப் வரி 66,000, பன்னிரண்டுக்கு மேல் இருப்பது 40,000, இரண்டில் குறைந்ததைத்தான் கட்டுகிறோம்.

இது 60,000-த்தோடு முடிந்துவிடாது. ஸ்லாப் வரியும் மிகுதி வருமானமும் சமமாகும் இடம் ஏறக்குறைய 12,70,588. அதனால் செஸ் இல்லாத வரி 70,588 வரைக்கும் 12 லட்சத்தோடு வரியைக் கூட்டினால் போதும். அதற்கு மேல் போனால்தான் 15 சதவீத ஸ்லாப் உதவும்.

"நானும் 41,600-தான் கட்டினேன், மதுரை வீட்டு வாடகைக்கு. சிங்கப்பூரில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். அப்ப என் வருமானமும் 12,40,000-ஆ? அவ்வளவு வாடகை வரவே இல்லையே!"

இல்லை, உங்களுக்கு முன்னவர் போட்ட கணக்குத்தான் பொருந்தும். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு 87ஏ தள்ளுபடியும் கிடையாது, அந்த ரிலீஃபும் கிடையாது. உங்கள் வரிக்குரிய வருமானம் 10,00,000. ஆனால் 41,600 என்பது வாடகைக்கு இருப்பவர் பிடித்த டிடிஎஸ்ஸா, ரிட்டர்னில் முடிவான வரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் என்றால் ஸ்லாபுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"பேங்க்ல எஃப்.டி-க்கு 8,000 ரூபாய் வரி பிடிச்சிட்டாங்க. அப்ப என் வருமானம் 12,08,000-னு காட்டணுமா? பயமா இருக்கு."

பயப்படாதீர்கள் அம்மா, அது டிடிஎஸ். பான் கொடுத்திருந்தால் வட்டியில் 10 சதவீதம் பிடிப்பார்கள், அதனால் வட்டி 80,000 என்று மட்டும் தெரிகிறது. உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டு அந்த 8,000-ஐத் திரும்ப வாங்குங்கள்.

"எக்ஸெலில் IF-க்குள் IF போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. சுருக்கமாக வழி இருக்கிறதா?"

இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லாபையும் அதன் எல்லையைப் பார்க்காமல் தனித்தனியாகத் திருப்பிப் போடுங்கள். விகிதம் ஏறிக்கொண்டே போவதால், கிடைப்பவற்றில் மிகக் குறைந்ததே சரியான விடை. ரிலீஃப் அதற்கு எதிர்ப்பக்கம், அதற்கு MAX. A1-இல் செஸ் நீக்கிய வரியைப் போடுங்கள்:

```
=MAX(1200000+A1, MIN(1200000+(A1-60000)/0.15,
 1600000+(A1-120000)/0.2, 2000000+(A1-200000)/0.25,
 2400000+(A1-300000)/0.3))
```

5, 10 சதவீத ஸ்லாப்கள் இதில் இல்லை, குடியிருப்பவர் அந்த இடத்தில் வரியே கட்டுவதில்லை. A1 பூஜ்யம் என்றால் இந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள், 12 லட்சத்துக்குள் எந்த வருமானமாகவும் இருக்கலாம். 50 லட்சத்துக்கு மேல் சர்சார்ஜ் வரும், அங்கேயும் செல்லாது. பங்கு விற்ற லாபம் கலந்திருந்தால் அதற்குத் தனி விகிதம், ஒரே வரித் தொகையிலிருந்து இரண்டு வருமானங்களைப் பிரித்தெடுக்க வழியில்லை. வட்டியோ தாமதக் கட்டணமோ சேர்த்துக் கட்டியிருந்தால் முதலில் அதைக் கழித்துவிடுங்கள்.

"அப்பா இறந்த பிறகு பீரோவில் ஒரு சலான் கிடைத்தது. 1,45,600 ரூபாய், மதிப்பீட்டு ஆண்டு 2025-26. அவருக்கு வயது 67. உங்கள் முதல் பதிலின்படி 17 லட்சம் என்று எழுதிக்கொள்ளலாமா?"

வேண்டாம் தம்பி. மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்றால் வருமானம் 2024-25-இல் வந்தது, அந்த வருஷம் ஸ்லாப் வேறு. அப்போதைய புதிய முறையில் 15 லட்சத்தில் வரி சரியாக 1,40,000 சேரும், ஆகவே 15,00,000. பழைய முறையில் இருந்திருந்தால், 60 தாண்டியவருக்கு 10 லட்சம் வரை 1,10,000, மிச்சம் 30,000-ஐ 0.30-ஆல் வகுத்துக் கூட்டினால் 11,00,000. அதே தொகை, நடுவே நான்கு லட்சம் வித்தியாசம். எது என்று சலான் சொல்லாது. போதாததற்கு சலானில் இருப்பது அவர் கையால் கட்டியது மட்டும், வங்கியிலோ பென்ஷனிலோ டிடிஎஸ் பிடித்திருந்தால் மொத்த வரி இன்னும் அதிகம், அப்போது இரண்டு விடையுமே தப்பு. அவர் 80சி-க்கு ஏதாவது போட்டு வைத்திருந்தாரா, காப்பீட்டு ரசீதுகள் அதே பீரோவில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பழைய முறையாக இருக்க வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. ரிட்டர்ன் ஒப்புகைச் சீட்டு கிடைத்தால் மொத்த வருமானம் அதிலேயே அச்சாகியிருக்கும். அதுவரைக்கும் எந்த எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.