கேள்வி பதில்: வாடிக்கையாளர் கருத்தாய்வில் சாய்வில்லாமல் கேட்பது எப்படி?

தோசை மாவு விற்கிறேன். "சிறு குடும்பங்களுக்கு வசதியான அரைக் கிலோ பாக்கெட் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் ஆம் என்றார்கள். பாக்கெட்டை அச்சடித்துவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். "வசதியான" என்ற சொல்லே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மேலும், விலையைச் சொல்லாமல் இனி நடக்கப்போவதைப் பற்றிக் கேட்கும்போது, கேட்பவரின் மனம் நோகாதபடி ஆம் என்று சொல்லிவிடுவது யாருக்கும் எளிது. ஆகவே நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "கடைசியாக வாங்கிய ஒரு கிலோ மாவு எத்தனை நாளில் தீர்ந்தது?", "மீதி இருந்ததா? இருந்தால் என்ன செய்தீர்கள்?" அதன் பிறகே விலையோடு கேட்கலாம்: "ஒரு கிலோ 50 ரூபாய், அரைக் கிலோ 30 ரூபாய் என்றால் அடுத்த முறை எதை வாங்குவீர்கள்?" இதற்கு "இரண்டும் இல்லை" என்ற விடையும் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டே நாளில் மாவு தீர்ந்துவிடுகிறது என்று தெரிந்தால், முன்பு கிடைத்த ஆம்களை நான் நம்பமாட்டேன்.

ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக "முழுமையாக ஏற்கிறேன்" முதல் "ஏற்கவே இல்லை" வரை ஐந்து படிகள் கொடுத்தால் சாய்வு போய்விடும் அல்லவா?

படிகள் கொடுப்பது நல்லதுதான்; ஆனால் "எங்கள் மாவு சுவையானது" என்ற வாசகம் அப்படியே நின்றால் சாய்வும் நிற்கும், ஏனெனில் எந்த வாசகத்தைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளும் இயல்பு பலருக்கு உண்டு. "புளிப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டு, மிகக் குறைவு, குறைவு, சரியான அளவு, அதிகம், மிக அதிகம் என்று இருபுறமும் சமமாகப் படிகளை வையுங்கள். கருத்துகளைக் கேட்கும்போது நடுப்படி வேண்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை, நான் வைப்பேன்.

எங்கள் துணிக்கடையில் பில்லோடு தரும் படிவத்தை யாரும் நிரப்புவதில்லை. பரிசுக் கூப்பன் தந்தால் உண்மையான பதில் வருமா?

கூப்பனால் நிரம்பிய படிவங்கள் கூடலாம், ஆனால் உண்மை கூடும் என்று சொல்ல முடியாது. எந்தப் பதிலுக்கும் அதே கூப்பன் கிடைக்க வேண்டும், நிரப்பும்போது விற்பனையாளர் அருகில் நிற்கக் கூடாது. பில் போட்டவர்களை மட்டும் கேட்டால், பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர்களின் குரல் உங்களுக்கு எட்டாது என்பதையும் கவனியுங்கள்.

எத்தனை பேரைக் கேட்டால் போதும்?

பாகுபாடின்றிக் குலுக்கலாகத் தேர்ந்த 100 பேரிடம் கிடைக்கும் விழுக்காடு, பொதுவாக 10 புள்ளிகள் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேர் என்றால் அது 5 புள்ளிகளாகக் குறையும். ஆனால் கேள்வியில் உள்ள குறையை எண்ணிக்கை தீர்க்காது. 1985-இல் கோகோ கோலா நிறுவனம் ஏறக்குறைய 2 லட்சம் சுவைச் சோதனைகளை நடத்திப் புதிய சுவையை இறக்கியது. பழையது கடைகளிலிருந்தே மறைந்துவிடும் என்பதை அந்தச் சோதனைகளில் முன்வைக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பவே, மூன்று மாதத்துக்குள் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. எனவே முதலில் ஐந்தாறு வாடிக்கையாளர்களிடம் கேள்விகளைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இருவர் இருவேறு பொருள் சொன்னால் அந்தக் கேள்வியைத் திருத்தி எழுதிவிட்டுப் பிறகு படிவத்தை அச்சுக்குக் கொடுங்கள்.