சென்டரில் வாங்கும் நூற்பட்டியலும் தேடலில் தப்பிப்போகும் கட்டுரைகளும்

*"சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஏ. இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாட்ஸ்அப் வதந்திகள் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். லிட்ரேச்சர் ரிவ்யூவுக்கு முன்னால் 25 ஆய்வுகளுக்கு அனோடேட்டட் பிப்ளியோகிராஃபி கேட்கிறார் கைடு. கூகுள் ஸ்காலரில் தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது. எதை எடுப்பது என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 6000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?"*

கொடுக்காதீர்கள். வைவாவுக்கு வெளித் தேர்வாளராகப் போகும் இடங்களில் இந்தச் சென்டர் பட்டியல்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் குறிப்பு என்று இருப்பது அந்தக் கட்டுரையின் சுருக்கம் அப்படியே. வார்த்தைகளை மட்டும் அங்கங்கே மாற்றியிருப்பார்கள். அதைவிட மோசம், சில கட்டுரைகள் உலகத்திலேயே இருக்காது. ஆசிரியர் நிஜமானவர், ஜர்னலும் நிஜம், ஆனால் அந்த ஜர்னலில் அவர் அப்படி ஒரு கட்டுரை எழுதியே இருக்க மாட்டார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பதிவில் இருக்கும் DOI, அதாவது கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணை doi.org பக்கத்தில் போட்டால் வேறு கட்டுரை திறக்கும், அல்லது ஒன்றும் திறக்காது. எண் இல்லையென்றால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் தெரிந்துவிடும். அப்புறம் "இந்த ஆய்வில் யாரிடம் கேட்டார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பணம் வாங்கியவர் அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார்.

இதே ஆட்கள் அடுத்ததாக "யுஜிசி அங்கீகரித்த ஜர்னலில் பிரசுரமும் செய்து தருகிறோம்" என்று வருவார்கள். நம்பத்தக்க ஜர்னல்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலை அதுவே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. நல்ல ஜர்னலை அடையாளம் காணும் பொறுப்பு இப்போது கல்லூரிகளின் தலையில். பட்டியலை எடுத்தவர்கள் மாணவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, தேடலுக்கு வருவோம். ஆயிரக்கணக்கில் வருவதற்குக் காரணம், கூகுள் ஸ்காலர் கட்டுரையின் முழு உடலையும் துழாவுகிறது. ஆசிரியரின் முகவரியில் இந்தியா என்று இருந்தாலும், கடைசிப் பக்க நூற்பட்டியலில் வாட்ஸ்அப் என்று ஒரு முறை வந்தாலும் அந்தக் கட்டுரை உங்கள் முன்னால் வந்து நிற்கும். எத்தனை ஆயிரம் என்று எண்ணிக்கை காட்டினாலும் முதல் 1000 முடிவுகளுக்கு மேல் அது திறந்து காட்டாது. அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கு வேண்டியது தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடும் இடம். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் அது முடியும், ஆனால் அதற்குக் கல்லூரி பணம் கட்டியிருக்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் app.dimensions.ai தளத்துக்குப் போய், தேடும் பெட்டியில் Title and abstract என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். உங்கள் துறையில் ஒரே விஷயத்தை ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பெயரில் அழைக்கிறது. அரசியல் அறிவியல்காரர்கள் misinformation என்பார்கள். 2016 அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் எழுதியவர்களில் பலர் fake news என்றார்கள். மானுடவியல் பக்கம் போனால் rumour. அதையே அமெரிக்கர்கள் rumor என்று எழுதுவார்கள். நீங்கள் ஒரு பெயரை மட்டும் போட்டால் ஒரு கூட்டத்தின் ஆய்வுகள் மட்டுமே கிடைக்கும். அதுதான் மொத்தத் துறையும் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வாட்ஸ்அப் என்ற சொல்லையும் நம்ப முடியாது. 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பீகாரில் 1224 பேரிடம் சுமித்ரா பத்ரிநாதன் நடத்திய கள ஆய்வு 2021இல் அமெரிக்கன் பொலிட்டிகல் சயின்ஸ் ரிவ்யூவில் வந்தது. உங்கள் தலைப்பில் இதை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் அதன் தலைப்பில் வாட்ஸ்அப் என்ற சொல்லே கிடையாது. சுருக்கத்தில் encrypted information sharing என்றுதான் எழுதியிருக்கிறார். தலைப்பில் whatsapp என்று போட்டுத் தேடியவர் இதைப் பார்க்கவே மாட்டார்.

ஆகவே உங்கள் தலைப்பை மூன்று கூறாக்குங்கள்: எந்த ஊடகம், என்ன பிரச்சினை, எந்த இடம். ஒரே கூறுக்குள் வரும் மாற்றுச் சொற்களை OR போட்டுச் சேருங்கள். கூறுகளுக்கு இடையில் AND. இரண்டையும் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

```
(whatsapp OR encrypted OR "messaging app"
 OR "messaging apps")
AND (misinformation OR disinformation
 OR "fake news" OR rumor OR rumour)
AND (india OR indian)
```

பெட்டியில் ஒட்டும்போது ஒரே வரியாக ஒட்டுங்கள். முடிவு வந்ததும் படிக்க ஆரம்பிக்காதீர்கள். நான் மேலே சொன்ன பீகார் ஆய்வு அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிச்சயம் வர வேண்டிய இரண்டு மூன்று கட்டுரைகளைக் கைடிடம் கேட்டு வாங்கி, அவற்றையும் இப்படிச் சோதிக்கலாம். ஏதாவது ஒன்று வரவில்லையென்றால் அதன் சுருக்கத்தைப் படித்து, அவர் என்ன சொல் பயன்படுத்தியிருக்கிறார் என்று பார்த்து, அதை OR பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி தேடுங்கள். இந்தச் சோதனையைச் செய்கிற மாணவர்கள் மிகக் குறைவு. வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. நூலக நேரம் என்று கால அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கும், அவ்வளவுதான்.

நல்ல கட்டுரைகள் நாலைந்து கையில் வந்ததும் சொல் தேடலை நிறுத்திவிட்டு மேற்கோள்களைப் பிடித்துப் போங்கள். ஒவ்வொன்றின் நூற்பட்டியலும் உங்களைப் பழைய ஆய்வுகளுக்குக் கொண்டுபோகும். புதியவற்றுக்கு, கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் கீழே உள்ள Cited by என்பதை அழுத்துங்கள். மேலே Search within citing articles என்று ஒரு சிறு கட்டம் வரும். அதைத் தேர்ந்தெடுத்து whatsapp என்று தேடினால், இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் உங்கள் விஷயத்தைத் தொட்டவர்கள் மட்டும் நிற்பார்கள். ஏற்கெனவே பார்த்த பெயர்களே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் தேடல் போதும் என்று அர்த்தம்.

முழுக் கட்டுரை கிடைக்காமல் பணம் கேட்டால், ஸ்காலரில் All versions என்பதைத் திறந்து பாருங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசமாகப் போட்டிருக்கலாம். ஜர்னல்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 ஜர்னல்கள் இருக்கின்றன. ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்து குறிப்பு. "இக்கட்டுரை தவறான தகவல்கள் பற்றி விரிவாக ஆராய்கிறது, என் ஆய்வுக்கு மிகவும் பயனுள்ளது" என்று எழுதுவதை உடனே நிறுத்துங்கள். அந்த வரியை எந்தக் கட்டுரையின் கீழும் ஒட்டலாம். பீகார் ஆய்வுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தவறான தகவலை அடையாளம் காண நேரில் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்கிறது. வீடுகளுக்குச் சென்று ஒரு மணி நேரப் பயிற்சி. ஒப்பிடப் பயிற்சி பெறாத குழு. மொத்தத்தில் அடையாளம் காணும் திறன் கூடவில்லை. பாஜக ஆதரவாளர்களிடம், தம் கட்சிக்குச் சாதகமான பொய்ச் செய்திகளை அடையாளம் காணும் திறன் குறைந்தது. ஒரு மாநிலத்தில், தேர்தல் காலத்தில், ஒரே ஒரு பயிற்சி என்பதால் நீண்டகாலப் பயிற்சி பற்றி இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஊடகக் கல்வியே தீர்வு என்று சொல்லும் ஆய்வுகளுக்கு எதிரே இதை வைப்பேன்."

கேள்வி, முறை, முடிவு, எல்லை, என் ரிவ்யூவில் எங்கே நிற்கும் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. கடைசி வாக்கியம்தான் உயிர். அது எழுத வரவில்லையென்றால் அந்தக் கட்டுரை உங்கள் 25இல் இருக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியங்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் யார் யாரோடு உடன்படுகிறார், எங்கே முரண்படுகிறார் என்பது தெரியும். லிட்ரேச்சர் ரிவ்யூவின் பத்திகள் அங்கிருந்துதான் பிறக்கும்.

பத்திரிகைச் செய்திகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 2018இல் குழந்தைக் கடத்தல் வதந்தியால் நடந்த கொலைகள் பற்றிய செய்திகள் உங்கள் ஆய்வுப் பொருள்; லிட்ரேச்சரில் அவற்றுக்கு இடமில்லை.

ஜர்னல் கட்டுரை மட்டும்தானா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளை நம் துறையில் ஒதுக்க முடியாது. ஜர்னல்கள் கட்டுரையை வெளியிட இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் அதற்குள் மாறிவிடும். ஆனால் அறிக்கையை எடுக்கும்போது யார் பணம் கொடுத்தது, யாரிடம் கேட்டார்கள் என்ற இரண்டையும் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். ஷகுந்தலா பானாஜியும் ராம் பட்டும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலிருந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் வாட்ஸ்அப்பில் பொய்த் தகவல்களைப் பரப்புவதற்கு அறியாமையை விட, மற்ற சமூகங்கள் மீதான வெறுப்பே முக்கியக் காரணம் என்று அது வாதிடுகிறது. பீகார் ஆய்வின் முடிவோடு சேர்த்து வாசித்தால் உங்கள் ரிவ்யூவுக்கு ஒரு பத்தி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது வாட்ஸ்அப் நிறுவனம். அதனால் ஆய்வு கெட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்துக்குச் சங்கடமான விஷயங்களையும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேர்வாளர் அதைச் சொல்லுமுன் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அதேபோல ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் 2019 இந்திய அறிக்கையில் 52 சதவீதம் பேர் வாட்ஸ்அப் வழியாகச் செய்தி பெறுவதாக வருகிறது. அதை எடுத்து "இந்தியர்களில் பாதிப்பேர்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டது இணையத்தில் இருக்கும், ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் மட்டும். அந்த வரி குறிப்பில் இல்லையென்றால் எண் பொய்யாகிவிடும். 25இல் இப்படிப்பட்ட அறிக்கைகள் மூன்று நான்குக்கு மேல் போக வேண்டாம்.

இன்றே ஒரு நோட்டில் நாலு நெடுவரிசை போட்டு, தேதி, தளம், அடித்த தேடல் வரி, வந்த எண்ணிக்கை என்று எழுதத் தொடங்குங்கள். "இதை ஏன் விட்டீர்கள்?" என்று வைவாவில் யாராவது ஒரு கட்டுரையைக் காட்டிக் கேட்டால், எங்கே எப்படித் தேடினீர்கள் என்று அந்த நோட்டைத் திறந்து காட்டலாம்.