முதல் பில் ஏன் இவ்வளவு? சுங்கை சிப்புட் வட்டாரக் கேள்வி பதில்

அண்ணே, 60 வெள்ளி போன் பிளான்னு எடுத்தேன். மொத பில்லே 114.50. ஏமாத்திட்டாங்களா?

நீங்க அனுப்பின படத்தைப் பார்த்தேன் தங்கச்சி. கணக்கு சரிதான். போஸ்ட்பெய்டுல மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவாங்க. நீங்க சேர்ந்தது ஜூன் 12, பில் தேதி ஜூலை 1. அதனால ஜூன்ல மிச்சம் இருந்த நாளுக்கும் ஜூலை முழுசுக்கும் சேர்ந்தே வந்திருக்கு.

12ஆம் தேதியையும் சேர்த்தா 30 வரைக்கும் 19 நாள். 60ஐ 30ஆல வகுத்தா நாளைக்கு 2 வெள்ளி, ஆக 38. ஜூலைக்கு 60. இடையில நீங்க வாங்கின டேட்டா பேக் 10. அது ஒரு தடவை வாங்கினது, நாள் கணக்குல குறையாது. மொத்தம் 108. அதுக்கு 6 விழுக்காடு சேவை வரி 6.48. ஆக 114.48, அஞ்சு காசுக்கு ரவுண்டு பண்ணி 114.50. பேக் வாங்காட்டி அடுத்த பில் 63.60தான் வரணும். அதைவிடக் கூடினா அந்த பேக் தானா புதுப்பிக்குதான்னு பாருங்க.

சேவை வரிதான் 8 ஆயிடுச்சே? 6 போட்டிருந்தா பில்லு தப்பாச்சே.

பாதி சரி ஐயா. 2024 மார்ச்சுல பெரும்பாலான சேவைக்கு 8 ஆக்கினாங்க. தொலைத்தொடர்பை 6லேயே விட்டுட்டாங்க.

எனக்கு டாப்-அப் போட்ட பணம் அப்படியே காணாம போகுது. பில்லும் வரல.

அக்கா, உங்களது பிரீபெய்டு, அதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. செயலியில வாங்கின பேக் பட்டியலைத் திறந்து, தானா புதுப்பிக்கிற பேக் ஏதாவது ஓடுதான்னு பாருங்க.

நான் ஜூன் 21ல 60லிருந்து 80க்கு மாறினேன். கழிச்ச பணம் வரிக்கு அப்புறம் தெரியுது. பரவாயில்லையா?

இதைத்தான் நீங்க கவனிக்கணும் தம்பி. பழைய பிளானுக்கு ஜூன் முழுசுக்கும் கட்டியாச்சு. பயன்படுத்தாத 10 நாளுக்கு 20 வெள்ளி திரும்பி வரணும். புது பிளானுக்கு அதே 10 நாள் 26.67. வித்தியாசம் 6.67, வரி அதுக்குத்தான். நீங்க அந்த 20க்கு ஏற்கெனவே 1.20 வரி கட்டியிருக்கீங்க. கழிவை வரிக்குக் கீழே போட்டு வெறும் 20 மட்டும் கழிச்சிருந்தா, அந்த 1.20 உங்களுக்கு வரல. 21.20ஆகக் கழிச்சிருந்தா சரி. ரெண்டு பில்லையும் பக்கத்துல வச்சு, வரி எந்தத் தொகைக்குப் போட்டிருக்குன்னு பாருங்க. வித்தியாசம் இருந்தா எழுத்துல கேளுங்க, புகார் எண் வாங்கி வச்சுக்குங்க.

மாறின நாளை எந்த பிளானுல சேர்ப்பாங்க?

அது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும். பில்லுல ரெண்டு பிளானோட கணக்குலயும் தேதி இருக்கும். 21ஆம் தேதி ரெண்டுலயும் இருந்து, பழையதுக்குக் கழிவும் இல்லைன்னா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை காசு வாங்கியிருக்காங்க. உங்க பில்லுல அந்தப் பக்கம் படத்துல விழல, அனுப்புங்க, பார்க்கிறேன்.