கேட்காத சேனலுக்குக் காசு: அப்புச்சி கையெழுத்துப் போட வேண்டிய கடிதம்

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் என் அப்புச்சியும் அமுச்சியும் இருக்கிறார்கள். செய்தியும் பழைய பாட்டும் தவிர எதுவும் பார்க்க மாட்டார்கள். 211 ரூபாயாக இருந்த மாதக் கட்டணம் ஏழு மாதமாக 270. பெட்டியில் பார்த்தால் ஒரு விளையாட்டுச் சேனல், ஒரு கார்ட்டூன் சேனல், ஓர் இந்தித் தொகுப்பு சேர்ந்திருக்கின்றன. யாரும் கேட்கவில்லை. கேபிள்காரர் எங்களுக்கு மாப்பிள்ளை முறை. "மேலேயே போட்டுவிட்டார்கள்" என்கிறார். அவரிடம் சண்டை போட முடியாது. யாருக்கு, என்னவென்று எழுதுவது?

பதில்: மாப்பிள்ளையோடு சண்டையே வேண்டாம். உங்கள் கடிதம் அவருக்கு இல்லை. செட்டாப் பாக்ஸ் மேல் யார் பெயர் இருக்கிறதோ, அந்த நிறுவனத்துக்கு. சேனலைத் திறப்பதும் மூடுவதும் அதன் கணினியில்தான் நடக்கின்றன. சந்தா விவரமும் கணக்கும் அங்கேதான் இருக்கின்றன. கேபிள்காரர் அதன் சார்பில் பணம் வாங்கி, கம்பி இழுத்துக் கொடுப்பவர்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு மாலை செலவழியுங்கள். ரிமோட்டில் மெனுவை அழுத்தி, சந்தா விவரம் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு சேனலும் தொகுப்பும் எந்தத் தேதி வரை செல்லும் என்று அங்கே இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எண்ணையும், அதற்குள் செருகியிருக்கும் அட்டையின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, பதிவு செய்த கைப்பேசி எண் யாருடையது என்று பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இணைப்பு கொடுக்க வந்த நாளில் பெரியவர்களிடம் போன் இல்லையென்றால் கேபிள்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவது உண்டு. அப்படியானால் "இந்தச் சேனல் சேர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி ஏழு மாதமும் அவர் போனுக்குத்தான் போயிருக்கும். அப்புச்சியின் எண்ணே பதிவாகி இருந்தால் அவர் போனில் பழைய செய்திகளைத் தேடுங்கள். "சேர்க்க மிஸ்டு கால் கொடுங்கள்" என்று வரும் விளம்பரத்துக்கு யாராவது கை தவறி அழைத்திருந்தால், நிறுவனம் அதையே சம்மதம் என்று காட்டும். என் வீட்டில் ஒரு கிரிக்கெட் சேனல் அப்படித்தான் வந்து உட்கார்ந்தது. விளையாடிக்கொண்டிருந்த பேரனின் கைவேலை.

அடுத்து, எதற்குப் பணம் கேட்கலாம், எதற்குக் கேட்க முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் தெரியாத இலவசச் சேனல்கள் எத்தனை இருந்தாலும் அவற்றுக்குத் தனி விலை கிடையாது. அவை, இணைப்புக்காக மாதாமாதம் கட்டும் நெட்வொர்க் கட்டணத்துக்குள் அடக்கம். நீங்கள் விரும்பி எடுத்த தமிழ்த் தொகுப்புக்குள் பார்க்காத கட்டணச் சேனல் இருந்தாலும் அதன் விலையை மட்டும் கழிக்கச் சொல்ல முடியாது. தொகுப்பை விட்டு, வேண்டியதைத் தனித்தனியாக எடுக்கலாம். அப்போது சில நேரம் கூடுதலாகவே ஆகும். தனியாக வந்து ஒட்டிக்கொண்டவைதான் உங்கள் வழக்கு.

உங்கள் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் கட்டணம் 130, தமிழ்த் தொகுப்பு 49, சேர்ந்து 179. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 211 ரூபாய் 22 காசு. விளையாட்டுச் சேனல் 19, கார்ட்டூன் 6, இந்தித் தொகுப்பு 25 என்று 50 ரூபாய் ஏறியதும் 270 ரூபாய் 22 காசு. மாதம் 59 ரூபாய், ஏழு மாதத்துக்கு 413. வரியையும் சேர்த்தே திருப்பிக் கேளுங்கள். பலர் 350 என்று எழுதி 63 ரூபாயை விட்டுவிடுகிறார்கள்.

கடிதத்தில் "நாங்கள் இந்தச் சேனல்களைப் பார்ப்பதே இல்லை" என்று எழுதாதீர்கள். பார்த்தாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை. கேட்டாரா என்பதுதான் கேள்வி. வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதத்தோடுதான் கட்டணச் சேனல் சேர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த முறை. ஆகவே சம்மதத்தைக் காட்டும் பொறுப்பை அவர்கள் பக்கம் தள்ளுங்கள். இணைப்பு அப்புச்சி பெயரில் இருப்பதால் கையெழுத்தும் அவருடையதாகவே இருக்க வேண்டும்; நீங்கள் எழுதினால் "கணக்குதாரர் அல்ல" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"மேற்கண்ட எண்ணுள்ள பெட்டியின் சந்தாதாரர் நான். கீழ்க்கண்ட மூன்றையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. இவை என் கணக்கில் எந்தத் தேதியில், எந்த வழியில், எந்தக் கைப்பேசி எண் அல்லது யாருடைய நுழைவுக் கணக்கு மூலம் சேர்க்கப்பட்டன என்பதற்கான பதிவைத் தரவும். பதிவு இல்லையெனில் இவற்றை நீக்கி, ஏழு மாதங்களுக்கு வரியுடன் வசூலித்த 413 ரூபாயைத் திருப்பித் தரவும். பதிவு செய்த கைப்பேசி எண்ணை என் எண்ணாக மாற்றவும். இனி என் சம்மதமின்றி எதையும் சேர்க்க வேண்டாம்."

இவ்வளவே போதும். கோபம் ஒரு வரிகூட வேண்டாம். தேதி, எண், தொகை மூன்றும் இருந்தால் சரி. மாதாமாதம் பணம் கொடுத்ததற்குக் கேபிள்காரரின் அட்டையில் குறித்திருந்தால் அதன் நகலை இணையுங்கள்.

முதலில் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணை அழைத்துப் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். எண் தராமல் "பார்த்துக்கொள்கிறோம்" என்றால் புகாரே பதிவாகவில்லை என்று பொருள். அந்த எண்ணைக் கடிதத்தின் தலையில் எழுதி மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். கட்டணப் புகாரை ஏழு நாளில் தீர்க்க வேண்டும். திருப்பித் தரவேண்டிய பணம் இருந்தால் புகார் வந்த 30 நாளுக்குள் தர வேண்டும். அது நடக்காவிட்டால் அதே கடிதத்தை, தீராத புகார்களைக் கேட்க அந்த நிறுவனமே மாநிலத்துக்கென்று வைத்திருக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள். அவருக்குப் பத்து நாள்.

டிராய்க்கே எழுதலாமே என்பார்கள். அது தனிநபர் புகாரைத் தீர்த்துவைப்பதில்லை. நோடல் அதிகாரியும் நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் சென்னையில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 413 ரூபாய்க்கு அங்கே போவது அலைச்சல்தான். பெரும்பாலும் நோடல் அதிகாரி வரை போனாலே கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள்.

பதிவு கேட்டு எழுதும்போது மாப்பிள்ளை கணக்கிலிருந்தே சேர்த்ததாகப் பதில் வரவும் கூடும். அதைத் தயாராக எதிர்பாருங்கள். அப்போதும் பணம் கேட்பது நிறுவனத்திடம்தான். அவரை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முன்பணக் கணக்கில் பெட்டி இருண்டுவிடும், அமுச்சிக்குப் பாட்டு போய்விடும். நீக்கச் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். நீங்கிவிட்டாலும், அடுத்த மாதம் பணம் கட்டிய மறுநாள் அதே மெனுவைத் திறந்து பாருங்கள். புதுப்பிக்கும்போது பழைய பட்டியல் முழுசாக மறுபடியும் ஏறிவிடுவது நான் பலமுறை கண்ட கூத்து.