தாடை அறுவை சிகிச்சைக்கு முன் குரலைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. மூக்கு அகலமாகவும் தாடை உள்ளே போனது போலவும் இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் இன்னும் மோசம். என்னைவிடச் சுமாரான முகம் உள்ள என் நண்பனைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. தாடையை முன்னால் கொண்டுவரும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? நாள் முழுவதும் லேப்டாப் முன்னால் உட்காரும் வேலை. என் குரலும் கொஞ்சம் மெல்லியது; போனில் பேசினால் "சொல்லுங்க மேடம்" என்கிறார்கள்.

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பவர்கள் உங்களைப் பெண் என்று நினைக்கிறார்கள் என்றால், நேரில் பார்ப்பவர்களின் காதிலும் அதே குரல்தான் விழுகிறது. முகமும் குரலும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது எதிரில் இருப்பவரின் மனம் ஒரு கணம் தடுமாறுகிறது. அந்தத் தயக்கத்தை நீங்கள் பலமுறை அவர் முகத்தில் பார்த்திருப்பீர்கள்; பார்த்துவிட்டு, காரணம் உங்கள் தாடை என்று முடிவு செய்திருக்கக்கூடும்.

பருவ வயதில் ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் குரல்வளை பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையின் தடித்த தந்தியைப் போல அவை மெதுவாக அதிர்வதால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 130 அதிர்வுகள் வரையிலும், பெண்ணின் குரல் 200 அதிர்வுகளை ஒட்டியும் இருக்கும். சிலருக்குக் குரல்வளை முழுமையாக வளர்ந்த பிறகும், அதை மேலே இழுத்துப் பிடித்து, நாண்களை இறுக்கிப் பேசும் சிறுவயதுப் பழக்கம் மாறாமல் நின்றுவிடுகிறது. இதை மருத்துவத்தில் பியூபர்ஃபோனியா என்கிறோம். ஆண்மைக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு உறுப்பில் எந்தக் குறையும் இருப்பதில்லை.

வீட்டிலேயே ஓர் அடையாளம் பார்க்கலாம். தனியாக இருக்கும்போது நன்றாக இருமுங்கள், தொண்டையைச் செருமுங்கள், அந்த ஒலியைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். பேசும்போது மெல்லியதாக இருக்கும் குரல், இருமலின்போது மட்டும் கனத்த ஆண் குரலாக ஒலித்தால், அந்தக் கனமான குரல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அடுத்து காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அவர் சிறிய கேமரா மூலம் குரல் நாண்களைப் பார்த்து, அவற்றுக்கிடையே சவ்வு போன்ற பிறவிக் குறை எதுவும் உள்ளதா, கேட்கும் திறன் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்வார். மீசை, தாடி சரியாக வளராதவர்களுக்கு ஹார்மோன் பரிசோதனையும் தேவைப்படும்.

எல்லாம் சரியாக இருந்தால், பேச்சுப் பயிற்சியாளர் அந்த இருமல் ஒலியிலிருந்தே தொடங்குவார். இருமலை நீட்டி "ஆ" என்ற ஒலியாக மாற்றுவது, பிறகு சொற்கள், பிறகு வாக்கியங்கள், அதன்பின் போன் உரையாடல் என்று படிப்படியாகப் போகும். கழுத்தின் முன்புறம் குரல்வளையை மெதுவாகக் கீழ்நோக்கித் தாழ்த்திப் பிடிக்கும் முறையும் உண்டு. அதை அவர்தான் செய்ய வேண்டும், நீங்களாக அழுத்திப் பார்க்கக் கூடாது. பலருக்குச் சில அமர்வுகளிலேயே கனமான குரல் வந்துவிடுகிறது. சிரமம் அதன் பிறகுதான் வருகிறது. புதிய குரல் யாரோ ஒருவருடையது போல ஒலிப்பதால், வெளியில் அந்தக் குரலில் பேசிவிட்டு, வீட்டில் அம்மாவிடம் பேசும்போது பழைய குரலுக்கே திரும்பிவிடுகிறார்கள். அதனால் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பயிற்சியால் பலன் இல்லாத சிலருக்கு மட்டுமே அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கிறோம். இணையத்தில் காட்டுவது போல, ஆளை அசத்த வேண்டும் என்று குரலை வலிந்து தாழ்த்திப் பேசுவது வேறு. அது தொண்டைத் தசைகளை இறுக்கி, குரலைக் கரகரப்பாக்கும்.

இனி தாடைக்கு வருவோம். முகத்துக்கு 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து எடுத்த செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஆணின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆகவே செல்ஃபியை வைத்து உங்கள் மூக்கை எடை போடாதீர்கள். லேப்டாப் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது: தலை முன்னால் நீண்டு, தோள்கள் உள்ளே சுருண்டுவிடும். அப்போது தாடைக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள கோணம் மங்கி, அங்குள்ள தசையும் தோலும் தளர்ந்து, சரியான அளவுள்ள தாடையும் சிறிதாகத் தெரியும்.

சுவரில் குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் படும்படி நில்லுங்கள். மோவாயை மேலே தூக்காமல் பின்தலை சுவரைத் தொடவில்லை என்றால், உங்கள் தலை முன்னால் போயிருக்கிறது. பார்வை நேராக இருக்க, மோவாயைக் கிடையாகப் பின்னுக்கு இழுத்து 5 நொடி நிறுத்தி விடுவதை ஒரு வேளைக்கு 10 முறை செய்யுங்கள். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தாமல் இந்தப் பயிற்சியை மட்டும் செய்தால் பெரிய பலன் கிடைக்காது. சில வாரங்கள் கழித்து, வேறு ஒருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதிலும் தாடை உள்ளடங்கியே தெரிந்து, வாயை மூடும்போது மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைவிட வெகுவாக முன்னால் நின்றால், பல் சீரமைப்பு மருத்துவரையும் முகத்தாடை அறுவை மருத்துவரையும் பார்ப்பது நியாயமானதே. அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை உண்மையிலேயே நல்ல மாற்றத்தைத் தரும்.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டையின் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அது கைப்பக்கம் வழிந்தால், சுருண்ட தோள் இன்னும் சரிந்ததாகத் தெரியும். ஒரே ஆள் அளவெடுத்துத் தைத்த உடையிலும் ஆயத்த உடையிலும் இருக்கும் படங்களை, முகத்தை மறைத்துக் காட்டிய ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. பார்த்தவர்கள், அளவெடுத்துத் தைத்த உடையில் இருந்தவரையே அதிகத் தன்னம்பிக்கை உள்ளவராக மதிப்பிட்டார்கள். முகமே தெரியாத படங்களில் கிடைத்த முடிவு என்பதைக் கவனியுங்கள்.

குரலைப் பற்றிக் கூச்சப்படுபவர்கள் பேசும்போது தரையைப் பார்ப்பதை அடிக்கடி காண்கிறேன். பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவது நம்மிடையே மரியாதைதான். ஆனால் ஒத்த வயதினரிடம் அது அக்கறையின்மையாகப் படுகிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறத்தாழ 500 பேரிடம் நடத்தி, 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தம்மை நேராகப் பார்ப்பது சராசரியாக 3.3 நொடி வரை இதமாக இருப்பதாகத் தெரிந்தது. ஆகவே முறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மற்றவர் பேசும்போது அவர் கண்களைப் பாருங்கள். நீங்கள் யோசித்துப் பேசும்போது பார்வை பக்கவாட்டில் விலகினால் தவறில்லை.

முகத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அசையாத ஒரு படத்தை முதலில் பார்க்கும்போது முகமே முந்திக்கொள்கிறது. ஆனால் உங்கள் நண்பரை யாரும் படமாகப் பார்ப்பதில்லை. அவர் நடந்து வருகிறார், நிமிர்ந்து உட்காருகிறார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். முக எலும்பின் அளவுகளைவிட இவற்றை நோயாளியால் எளிதாக மாற்ற முடியும் என்பதால்தான், மருத்துவராக நான் இவற்றை முதலில் வைக்கிறேன்.

இந்தத் தாடை, மூக்கு பற்றிய எண்ணத்திலேயே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்களா, இதனால் வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் செய்யும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் திருப்தி தருவதில்லை. மற்றபடி, முதலில் தொண்டை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது இருமலையும், ஒரு பத்தியை வாசிக்கும் குரலையும் போனில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள்.